வாரண்டி எந்தத் தாளில் இருக்கிறது? இயந்திரக் கொள்முதல் ஆவணங்களும் பராமரிப்புப் பிரிவும்

ஓர் ஆலை பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கினால் அதோடு ஏழெட்டு ஆவணங்கள் சேர்ந்துவிடுகின்றன. கொட்டேஷன், அதன் பின்னிணைப்பான விற்பனை நிபந்தனைகள், ஆலை தந்த பர்ச்சேஸ் ஆர்டர், அதற்கு விற்பவர் அனுப்பிய ஆர்டர் ஏற்புக் கடிதம், இன்வாய்ஸ், டெலிவரி சலான், கையேட்டோடு வரும் வாரண்டி அட்டை, கடைசியாக கமிஷனிங் ரிப்போர்ட். முதல் நான்கும் கொள்முதல் பிரிவின் கோப்பில் தங்கிவிடும். இன்வாய்ஸ் கணக்குப் பிரிவுக்கும் சலான் ஸ்டோர்ஸுக்கும் போகும். கையேடும் கமிஷனிங் ரிப்போர்ட்டும் மட்டுமே பராமரிப்புப் பிரிவின் அலமாரிக்கு வருகின்றன. இயந்திரம் பழுதானால் வாரண்டி கேட்டு எழுத வேண்டியவர் பராமரிப்புப் பொறியாளர். அவர் கையில் இருப்பவையோ வாரண்டியைப் பற்றி மிகக் குறைவாகப் பேசும் இரண்டு ஆவணங்கள்.

எவ்வளவு காலம், எதற்கெல்லாம், எப்படிக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே தாளில் கிடைப்பது அரிது. ஆகவே ஆவணங்களிலிருந்து வாரண்டி விவரம் எடுப்பது என்றால் ஒரு தேதியைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்வது என்று பொருள் கொள்ளக் கூடாது. பல ஆவணங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு விதியைச் சேர்த்துப் படித்து, அந்த விதி கேட்கும் தேதிகளையும் மீட்டர் அளவுகளையும் திரட்டி, கோரிக்கை எழுதப்போகிறவரின் மேசையில் வைக்கும் வேலை அது. இக்கட்டுரை அதை ஸ்க்ரூ கம்ப்ரசரை வைத்துப் பார்க்கிறது. நூற்பாலைகளில் ஆட்டோகோனர் போன்ற இயந்திரங்கள் அழுத்தக் காற்றை நம்பி ஓடுகின்றன. கம்ப்ரசர் நின்றால் அந்தப் பிரிவே நிற்கும். அதன் பாகங்களுக்கான வாரண்டியும் பல அடுக்குகளாக இருப்பதால் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளையும் அதில் காணலாம்.

காலம் என்பது ஒரு கணக்கு

இந்தியத் தொழில் கொள்முதலில் அடிக்கடி காணும் வாசகம் இது: இயக்கி வைத்த நாளிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இரண்டில் எது முந்தையதோ அது. பலரின் நினைவில் நிற்பது முதல் பாதி மட்டும்தான். ‘ஒரு வருஷ வாரண்டி’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த வருஷத்தைக் கமிஷனிங் நாளிலிருந்து எண்ணிவிடுவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 75 எச்.பி. கம்ப்ரசர் ஒன்று 2024 மார்ச் 28 அன்று தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்படுகிறது. நிதியாண்டு முடியும் நேரம் என்பதால் விற்பவர் அந்த மாதத்துக்குள் இன்வாய்ஸ் போட விரும்புவார். வாங்குபவருக்கும் அந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது வசதியாக இருக்கும். கம்ப்ரசர் அறை இன்னும் கட்டி முடியவில்லை. மின்பளு அனுமதியும் தாமதமாகிறது. இயந்திரம் தார்ப்பாய்க்குள் காத்திருந்து, 2024 நவம்பர் 10 அன்றுதான் ஓடத் தொடங்குகிறது. கமிஷனிங் நாளிலிருந்து 12 மாதம் எண்ணினால் 2025 நவம்பர் 9 வரை வருகிறது. அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் எண்ணினால் 2025 செப்டம்பர் 27-லேயே முடிந்துவிடுகிறது. செல்லுபடியாவது இரண்டாவது தேதி. பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் நவம்பர் என்று எழுதியிருந்தால், இடைப்பட்ட ஆறு வாரத்தில் வரும் எந்தப் பழுதுக்கும் கோரிக்கை தள்ளுபடியாகும்.

எக்செல் பதிவேட்டில் அனுப்பிய தேதி B2-விலும் கமிஷனிங் தேதி C2-விலும் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=IF(C2="",EDATE(B2,18),MIN(EDATE(B2,18),EDATE(C2,12)))-1
```

கமிஷனிங் இன்னும் நடக்காத இயந்திரத்துக்கும் 18 மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். முதல் நிபந்தனை அதற்காகத்தான். கடைசியில் ஒரு நாளைக் கழிப்பது பாதுகாப்புக்காக: கடைசி நாள் கணக்கில் சேருமா சேராதா என்று வாதாடும் நிலைக்கு யாரும் போக வேண்டாம். அதே வாசகத்தில் ‘எது பிந்தையதோ’ என்று இருந்தால் MIN இருக்கும் இடத்தில் MAX வர வேண்டும். ஒற்றைச் சொல்லால் கெடு மாதக்கணக்கில் நகர்ந்துவிடும் என்பதால், பதிவேட்டில் தேதியோடு அந்த வாசகத்தையும் அப்படியே எழுதி, எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவைக்க வேண்டும். வாசகம் இல்லாத தேதியை இரண்டு ஆண்டு கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது.

மாதங்களோடு ஓட்ட நேரத்தையும் சேர்த்து எழுதும் ஒப்பந்தங்கள் இன்னும் ஆபத்தானவை. ‘12 மாதம் அல்லது 4000 மணி நேரம், எது முந்தையதோ’ என்ற வாசகம் ஒரு ஷிப்ட் ஓடும் பட்டறைக்குப் பெரிய இழப்பில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் நூற்பாலையில் கம்ப்ரசர் மாதத்துக்கு ஏறத்தாழ 720 மணி நேரம் ஓடும். ஐந்தரை மாதத்தில் 4000 தாண்டிவிடும். கமிஷனிங் அன்று மணி மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை ரிப்போர்ட்டில் எழுத வைக்க வேண்டும். தொழிற்சாலைச் சோதனையில் ஓடிய மணி நேரமும் அதில் இருக்கும். அதைக் கழிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கின் ஒரு தேதியை உண்டாக்குவதே பராமரிப்புப் பிரிவுதான். கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவது அவர்கள். சோதனை ஓட்டம் நடந்த அன்றே சர்வீஸ் என்ஜினீயர் ‘கமிஷன் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார். முழுச் சுமையில் ஓடவில்லை, டிரையர் இணைக்கவில்லை, அழுத்தம் குறித்தபடி வரவில்லை என்று குறைகள் இருந்தால் அவற்றை அதே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். அல்லது அன்றைய தாளைச் சோதனை ஓட்ட அறிக்கை என்று குறிப்பிடச் செய்ய வேண்டும்.

ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்

வேறொரு கம்ப்ரசருக்கு ஆலையின் பர்ச்சேஸ் ஆர்டர், ‘இயக்கி வைத்த நாளிலிருந்து 24 மாதம்’ என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவரின் கொட்டேஷனில் 12/18 இருக்கிறது. ஆர்டர் கிடைத்ததும் விற்பவர் அனுப்பிய ஏற்புக் கடிதம், ‘எங்கள் பொதுவான விற்பனை நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. கொள்முதல் பிரிவு அதைக் கோப்பில் வைத்துவிட்டது. எது செல்லும்?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது. விற்பவர் தம் நிபந்தனையைச் சேர்த்து ஏற்றால் அது ஏற்பு ஆகாது, புதிய முன்மொழிவு என்று வாதிட இடமிருக்கிறது. அதற்கு மறுப்புச் சொல்லாமல் சரக்கை வாங்கிப் பணமும் கொடுத்துவிட்டால், அந்த நிபந்தனைகளை ஆலை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படலாம். ஆர்டரில் 24 மாதம் என்று பெரிய எழுத்தில் இருப்பதை மட்டும் நம்பிப் பதிவேட்டில் ஏற்றுவது இதனால் சரியில்லை. இரண்டையும் எழுதி, ‘முரண்பாடு, தெளிவு தேவை’ என்று குறித்துவைப்பதே நேர்மையான பதிவு.

குறித்ததோடு விடக் கூடாது. விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இந்த இயந்திரத்துக்கு, இந்தச் சீரியல் எண்ணுக்கு, வாரண்டி எந்தத் தேதி வரை என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இயந்திரம் நன்றாக ஓடும்போது, கடைசித் தவணைப் பணம் இன்னும் ஆலையின் கையில் இருக்கும்போது, இந்தப் பதில் எளிதில் கிடைக்கும். பழுதான பிறகு கேட்டால் விற்பவர் தமக்குச் சாதகமான தாளைத்தான் எடுத்துக் காட்டுவார். என் பார்வையில் இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தரும் ஒரே செயல் இந்த மின்னஞ்சல்தான்.

கோர்ட்டை நம்பி இதைத் தள்ளிப்போடவும் முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆலை வாங்கிய கம்ப்ரசருக்கு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போல நுகர்வோர் ஆணையத்தில் முறையிட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஆலைக்குத் துணை ஒப்பந்த ஆவணங்கள்தான்.

எது சேரும், எது சேராது

வாரண்டி வரம்பைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது விலக்குகளின் பட்டியல். காற்று வடிகட்டி, ஆயில் ஃபில்டர், செபரேட்டர், ஆயில், பெல்ட், சீல் போன்ற தேய்பொருள்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அதில் வருந்த ஒன்றுமில்லை. அவை தேயத்தான் செய்யும். கவனம் தேவைப்படுவது மற்ற மூன்று இடங்களில்.

முதலாவது, வெளியில் வாங்கிப் பொருத்திய பாகங்கள். கம்ப்ரசர் செய்பவர் மோட்டாரையும் டிரைவையும் வேறு கம்பெனிகளிடம் வாங்கியிருப்பார். ‘இவற்றுக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் வாரண்டியே பொருந்தும்’ என்று ஒரு வரி நிபந்தனைகளில் ஒளிந்திருக்கும். மோட்டார் கம்பெனி தன் கெடுவைக் கம்ப்ரசர் தொழிற்சாலைக்கு மோட்டாரை விற்ற நாளிலிருந்து எண்ணினால், ஆலைக்கு இயந்திரம் வரும் முன்பே சில மாதங்கள் கழிந்திருக்கும். அதனால் பதிவேட்டில் கம்ப்ரசருக்கு ஒரே வரி போதாது. முழு இயந்திரம், ஏர்-எண்ட், மோட்டார், டிரைவ் என்று நான்கு வரிகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகையின் புகைப்படமும் சீரியல் எண்ணும் வேண்டும். மோட்டார் பெயர்ப்பலகையில் தூசும் எண்ணெயும் படிந்து எண் அழிவதற்கு முன், இயந்திரம் இறங்கிய அன்றே படம் எடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, நிபந்தனையோடு கூடிய நீண்ட வாரண்டி. ஏர்-எண்ட் என்னும் ஸ்க்ரூ பகுதிக்கு முழு இயந்திரத்தைவிட நீண்ட காலம் வாரண்டி தருவது உண்டு. அதற்கு விலையாகச் சில கடமைகள் எழுதப்பட்டிருக்கும்: குறித்த நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அசல் ஆயிலும் ஃபில்டரும்தான் போட வேண்டும், குறித்த மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கீகரிக்கப்பட்டவர் சர்வீஸ் செய்ய வேண்டும். விற்பனையின்போது சொல்லப்படுவது ஆண்டுக்கணக்கு. கோரிக்கையின்போது கேட்கப்படுவது ஆயில் வாங்கிய பில். வாரண்டி விவரம் எடுப்பவர் இந்தக் கடமைகளைத் தனியே பிரித்து, பராமரிப்பு அட்டவணைக்குள் வேலைகளாக ஏற்றிவிட வேண்டும். ஆயில் மாற்றும் கெடு 4000 மணி நேரம் என்றால் அது 3800-லேயே நினைவூட்டலாக வர வேண்டும். பில் நகல் இயந்திரத்தின் கோப்பில் சேர வேண்டும். ஸ்டோர்ஸில் விலை குறைந்த ஆயில் வாங்க ஒருவர் முடிவு செய்யும்போது, அதனால் எந்த வாரண்டி விழும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ‘இலவசம்’ என்பது எங்கே முடிகிறது என்பது. ‘குறையுள்ள பாகத்தை எங்கள் தொழிற்சாலையில் இலவசமாகப் பழுதுபார்ப்போம் அல்லது மாற்றித் தருவோம்’ என்றால் லாரி வாடகை, இன்சூரன்ஸ், கழற்றி மாட்டும் கூலி, சர்வீஸ் என்ஜினீயரின் பயணச் செலவு எல்லாம் ஆலையின் தலையில் விழலாம். ஏர்-எண்ட் ஒன்றைத் தூக்கி அனுப்பிப் பெறும் செலவு சிறியதல்ல. உற்பத்தி நின்ற இழப்பை ஏற்கமாட்டோம் என்ற வரியும் கிட்டத்தட்ட எல்லா நிபந்தனைகளிலும் இருக்கும். மாற்றித் தரும் பாகத்துக்குப் புதிய வாரண்டி தொடங்குமா, பழைய வாரண்டியின் மீதிக் காலம் மட்டும்தானா என்பதையும் பார்க்க வேண்டும். மீதிக் காலம் மட்டும் என்பதே பெரும்பாலான வாசகம்.

கோரிக்கையின் முதல் நாள்

கோரிக்கை நடைமுறையை ஆவணங்கள் மிகச் சுருக்கமாகத்தான் சொல்லும்: உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எங்கள் அனுமதியின்றித் திறக்கக் கூடாது, பாகத்தை எங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த மூன்று வரிகளை ஷிப்ட் ஃபிட்டர் நள்ளிரவில் பின்பற்றக்கூடிய ஒரு தாளாக மாற்றுவதுதான் விவரம் எடுப்பவரின் வேலை.

நம் மாதிரி கம்ப்ரசரில் 2025 அக்டோபர் 14 அன்று ஏர்-எண்டிலிருந்து பேரிங் சத்தம் வருகிறது. வெப்பம் கூடி இயந்திரம் டிரிப் ஆகிறது. ஃபிட்டரின் இயல்பு, ரீசெட் செய்து மறுபடி ஓட்டிப் பார்ப்பது. வாரண்டியில் இருக்கும் இயந்திரத்துக்கு முதலில் செய்ய வேண்டியது கன்ட்ரோலர் திரையில் உள்ள பிழைக் குறியீட்டையும் பிழை வரலாற்றையும் மணி மீட்டரையும் படம் பிடிப்பது. பிறகு ஆயில் மட்டம், ஃபில்டர் நிலை, மின்னழுத்தம். ஆயில் மாதிரி எடுத்துப் பெயர் எழுதி வைப்பது. ஏர்-எண்டைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் குறை தயாரிப்பில் இருந்ததா, கையாண்டதில் வந்ததா என்று நிரூபிக்க வழியில்லாமல் போகும்.

இப்போது பதிவேட்டைப் பார்க்கிறார்கள். முழு இயந்திர வாரண்டி செப்டம்பர் 27-ல் முடிந்துவிட்டது. ஒரே வரிப் பதிவேடாக இருந்திருந்தால் ஆலை பணம் கொடுத்து ஏர்-எண்ட் வாங்கியிருக்கும். நான்கு வரிப் பதிவேட்டில், ஏர்-எண்டுக்கு எதிரே தனி வாரண்டித் தாளும், பதிவு செய்ததற்கான ஒப்புகையும், ஆயில் பில்லும், சர்வீஸ் அறிக்கைகளும் இருக்கின்றன. கோரிக்கை ஏர்-எண்ட் வாரண்டியின் கீழ் போகிறது. மின்னஞ்சலில் மாடல், சீரியல் எண், இன்வாய்ஸ் எண், கமிஷனிங் தேதி, ஓட்ட நேரம், அறிகுறி, படங்கள், எந்த வாசகத்தின்படி கேட்கிறோம் என்பது எல்லாம் இருக்க வேண்டும். டீலருக்கு மட்டும் அனுப்பினால் போதுமா, தயாரிப்பாளருக்கும் அனுப்ப வேண்டுமா என்பதை ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் இருவருக்கும். தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது என்பது கோரிக்கை ஆகாது. புகார் எண் கிடைக்கும் வரை வேலை முடியவில்லை.

என்ஜினீயர் வந்து பார்த்து எழுதும் சர்வீஸ் ரிப்போர்ட்டை நிதானமாகப் படிக்க வேண்டும். கட்டண வருகை என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா, காரணம் என்ற இடத்தில் ‘ஆயில் குறைவு’ என்றோ ‘பராமரிப்புக் குறை’ என்றோ எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட்டால் அதுவே கோரிக்கையை முறிக்கும் சான்றாகும். மாறுபட்டால் அதே தாளில் தங்கள் கருத்தை எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம். பாகத்தைத் திருப்பி அனுப்பும்போது விற்பனை இன்வாய்ஸ் போடாமல், வாரண்டிக்காக அனுப்புவது என்று குறித்து டெலிவரி சலானில் அனுப்ப வேண்டும். வாரண்டிக் காலத்தில் தனிக் கட்டணம் வாங்காமல் மாற்றித் தரும் பாகத்துக்குத் தனியே ஜிஎஸ்டி வராது என்பதை மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2023 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது.

பெரிய ஆர்டர்களில் இன்னொரு பிடி இருக்கிறது: செயல்திறன் வங்கி உத்தரவாதம். அரசுக் கொள்முதலுக்கான பொது நிதி விதிகள் 2017, அந்த உத்தரவாதம் வாரண்டி உள்ளிட்ட எல்லாக் கடமைகளும் முடிந்த பிறகும் 60 நாள் உயிரோடிருக்க வேண்டும் என்கின்றன. தனியார் ஆலைகளில் அந்தக் காலம் பேரத்தைப் பொறுத்தது. உத்தரவாதம் முடியும் தேதி கணக்குப் பிரிவுக்குத்தான் தெரியும். தீராத புகார் இருப்பது பராமரிப்புப் பிரிவுக்குத்தான் தெரியும். இரண்டும் ஒரே பதிவேட்டில் இல்லாவிட்டால், புகார் நிலுவையில் இருக்கும்போதே உத்தரவாதம் காலாவதியாகிவிடும்.

எடுக்கும் முறைகள்

சில பத்து இயந்திரங்கள் உள்ள ஆலைக்கு, ஒருவர் உட்கார்ந்து ஆவணங்களைக் கையால் படித்து ஒரு படிவத்தை நிரப்புவதே சிறந்தது. நூற்றுக்கணக்கில் பழைய கோப்புகள் இருந்தால் ஸ்கேன் செய்து, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, சொற்களைத் தேடலாம்:

```
ocrmypdf --skip-text order.pdf order_ocr.pdf
pdfgrep -n -i "warrant|guarant|defect|liabil|whichever|commission|d[ei]spatch" order_ocr.pdf
```

`warrant` என்று மட்டும் தேடினால் பல ஒப்பந்தங்கள் தப்பிவிடும். சில ஆர்டர்கள் `guarantee` என்கின்றன. கட்டுமானத்தோடு சேர்ந்த ஆர்டர்கள் `defect liability period` என்கின்றன. நம் நாட்டு ஆவணங்களில் `despatch` என்ற எழுத்துக்கூட்டலும் பரவலாக உண்டு. கட்டளை பக்க எண்ணைக் காட்டும், அவ்வளவே. வாசகத்தை ஆள்தான் படிக்க வேண்டும்.

இந்த முறையின் எல்லை எண்களில் தெரிகிறது. மங்கலான நகலில் 18 என்பது 13 ஆகவும், தேதியில் 1 என்பது 7 ஆகவும் மாறி வரலாம். சொல்லில் பிழை வந்தால் கண்ணுக்குத் தெரியும். எண்ணில் வந்தால் அது இன்னொரு சரியான எண்ணைப் போலவே நிற்கும். ஆகவே காலமும் தேதியும் எப்போதும் மூலத் தாளோடு ஒப்பிடப்பட வேண்டும். கையால் எழுதிய கமிஷனிங் ரிப்போர்ட்டை எழுத்துணரியிடம் விடவே கூடாது. ஆர்டரின் கடைசியில் ‘மற்ற நிபந்தனைகள் பின்னிணைப்பின்படி’ என்று இருந்து அந்தப் பின்னிணைப்பு கோப்பில் இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தைக் காலியாக விடாமல் ‘பின்னிணைப்பு கிடைக்கவில்லை’ என்று எழுதி, விற்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கொள்முதல் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் நகலையும் ஏற்புக் கடிதத்தையும் விலையை மறைத்தாவது பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். இயந்திரம் கேட்டுக்குள் நுழைவதற்கு முன் அனுப்புங்கள். பராமரிப்புப் பொறியாளர்களுக்கும் ஒன்று: இந்த மாதமே உங்கள் ஆலையில் ஓடும் கம்ப்ரசர், ஜெனரேட்டர், டிரைவ் ஒவ்வொன்றுக்கும் அனுப்பிய தேதியை ஸ்டோர்ஸ் சலானிலிருந்து எடுத்து, கமிஷனிங் தேதிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.